ஓடிப் பிடிக்கும் முன் நிற்கப் பழக்குவோம்

நலன்புரி நிலையங்களிலும் தற்காலிகக் குடியிருப்புகளிலும் காலை தொடக்கம் இருட்டும் வரை கேட்கும் சொல் ஒன்று உண்டு. "ஓடாதை!" என்பதே அது. அப்படிச் சொல்லும் தாயைக் குறை கூற முடியாது. ஒரு கொட்டிலுக்கும் அடுத்ததற்கும் இடையில் சில அடி நிலமே உண்டு. அதற்குள்ளேதான் தறப்பாள் கயிறு, முளைக்கட்டை, கழிவுநீர் வாய்க்கால், எரியும் அடுப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளையை "ஓடாதை" என்று தடுத்து வென்றவர் எவருமில்லை. முன்பள்ளியில் ஓட விடாத பிள்ளை, மாலையில் பெரியவர் கண் படாத நேரத்தில், சமையல் நடக்கும் இடத்திலேயே ஓடும். ஆகவே ஓடிப் பிடித்து விளையாடுவதைத் தடை செய்வதை விட, அதை ஒழுங்காகக் கற்பிப்பதே பாதுகாப்பானது என்பது எனது கருத்து. அதிலும் முதலில் கற்பிக்க வேண்டியது துரத்துவதை அல்ல, நிற்பதை.

இதற்குக் காரணம் பிள்ளையின் உடலிலேயே இருக்கிறது. நான்கு வயதில் உடம்போடு ஒப்பிடும்போது தலை பெரிது. ஆதலால் வேகமாக ஓடி வரும் பிள்ளை சட்டென நிற்க முயன்றால் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். துரத்தப்படும் பிள்ளையோ முன்னால் பார்ப்பதில்லை. துரத்துபவர் எங்கே என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடும். இந்த விளையாட்டில் மோதல்கள் இவ்வாறு நேர்கின்றன. "கவனமாக ஓடு" என்று சொல்வதால் இது மாறாது. நிற்கும் விதத்தை உடலுக்குப் பழக்க வேண்டும்.

நிறுத்தும் அடையாளம் ஒன்றே ஒன்றாகவும் என்றும் மாறாததாகவும் இருத்தல் வேண்டும். "நில்" என்ற ஒரு சொல்லும், அதனுடன் உயர்த்திப் பிடிக்கும் ஒரு சிவப்புத் துணியும் போதும். கூச்சலில் சொல் கேட்காத பிள்ளைக்குத் துணி தெரியும். துணியைப் பார்க்காத பிள்ளைக்குச் சொல் கேட்கும். விசில் வேண்டாம் என்பேன். பக்கத்தில் பெரிய பிள்ளைகள் கரப்பந்து ஆடினால் அந்த விசிலும் கேட்கும், எது யாருக்கு என்று சின்னவர்களுக்கு விளங்காது. திடீரென எழும் கூரிய ஒலிக்கு உடல் நடுங்கும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துவதும் பயனற்றது. அந்தப் பிள்ளை மட்டும் நிற்க, பின்னால் வருபவர் அதன் மேல் மோதுவர்.

"நில்" என்றவுடன் இரண்டு கைகளையும் முழங்கால்களில் வைக்கப் பழக்குங்கள். சும்மா நில் என்றால் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. கையை முழங்காலில் வைக்கும்போது கால் மடிகிறது, உடல் தாழ்கிறது, வேகம் அடங்குகிறது. ஆசிரியையும் கூடவே அப்படிச் செய்தல் நன்று. முதல் இரண்டு மூன்று நாட்கள் நடந்து மட்டும் பழகட்டும்: நட, நில், நட, நில். பிறகு மெல்லோட்டம். அதன் பின்னரே ஓட்டம். "நில்" என்று சொல்லி மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். மூன்றுக்குள் எல்லாரும் நின்றால் பழகிவிட்டார்கள். ஒருவராவது ஓடிக்கொண்டிருந்தால் மறுபடி நடைக்கே போக வேண்டும். நீங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சொன்னால் எல்லாரும் நிற்பார்கள், அதில் ஏமாறக் கூடாது. பின்னால் நின்று சொல்லிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்தது இடைவெளி. "தள்ளி நில்" என்பது சின்னப் பிள்ளைக்குப் புரியாத கட்டளை. இரண்டு கைகளையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். கை யாரிலும் எதிலும் படாவிட்டால் அது "என் இடம்". பட்டால் இரண்டடி விலகட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் இதைச் செய்ய அரை நிமிடம் போதும்.

இனி நிலத்தை அளந்து பார்ப்போம். நாற்பதடி நீளமும் இருபத்தைந்து அடி அகலமும் கொண்ட ஒரு முற்றம், ஒரு பக்கம் களஞ்சியக் கொட்டில், எதிர்ப்பக்கம் தண்ணீர்த் தாங்கி, பன்னிரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கம் என்ன? தாங்கியைத் தொட்டால் தப்பியாயிற்று என்று விடுவார்கள். இதுதான் மிகப் பெரிய ஆபத்து. மரமோ தூணோ சுவரோ தொடும் இடமாக இருந்தால் பிள்ளை முழு வேகத்தில் அதை நோக்கியே ஓடும், அங்கே நிற்கத் தெரியாமல் மோதும். பதிலாக, தாங்கிக்கு பத்தடி முன்னால் சாம்பலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் தப்பியாயிற்று. மீதிப் பத்தடி வேகம் அடங்குவதற்கான இடம். கொட்டில் சுவரிலிருந்து ஐந்தடி விட்டுத் தொடக்கக் கோடு. இரு பக்கமும் ஐந்தடி விட்டால் அகலம் பதினைந்தடி. அந்த எல்லையையும் சாம்பலால் குறியுங்கள், கயிறு கட்டினால் கால் தடக்கும்.

பதினைந்தடி அகலத்தில் கை விரித்து எத்தனை பேர் நிற்கலாம்? நான்கு வயதுப் பிள்ளையின் விரித்த கைகள் ஏறக்குறைய மூன்றேகால் அடி. ஆகவே நால்வர்தான். பன்னிரண்டு பேரையும் ஒன்றாக விட வேண்டும் என்ற ஆசை இங்கே அடிபட்டுப் போகிறது. நால்வராக மூன்று குழு. ஓட்டம் சில விநாடிகளில் முடிவதால் காத்திருப்பதும் அதிகமில்லை. காத்திருப்போர் எல்லைக்கு வெளியே அமர்ந்து, துணி உயர்ந்ததும் "நில்" என்று சேர்ந்து சொல்லட்டும். அவர்களுக்கும் அது பயிற்சியே.

துரத்தும் பகுதிக்கு நமது கிளித்தட்டே வழி காட்டுகிறது. கிளித்தட்டில் மறிப்பவர் தமக்குரிய கோட்டை விட்டு விலக முடியாது, அதனால் யாரும் யாரையும் கண்டபடி துரத்துவதில்லை. நமது முன்னோர் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! சின்னவர்களுக்கு முழுக் கிளித்தட்டு சிக்கலானது. நடுவில் குறுக்காக ஒரு கோடு போதும். மறிப்பவர் அந்தக் கோட்டில் நடக்கலாம், ஓடக் கூடாது. முதல் நாட்களில் ஆசிரியையோ ஒரு தாயோ மறிக்கட்டும். நால்வரும் ஒரே திசையில் மட்டும் ஓடுவார்கள். திரும்பி வரும்போது எல்லைக்கு வெளியால் நடந்து வருவார்கள். எதிரும் புதிருமாக ஓட விட்டால் தலையோடு தலை மோதும். கையால் தொடுவது நாலு தரத்தில் தள்ளுவதாக மாறிவிடுமாதலால், ஓரடி நீளப் பழைய சேலைத் துண்டு ஒன்றை இடுப்பின் பக்கவாட்டில் செருகிவிடுங்கள். அதை உருவினால் பிடிபட்டதாகக் கணக்கு. முடிச்சுப் போடக் கூடாது, கழுத்தில் கட்டவே கூடாது. பிடிபட்டவரை வெளியே இருத்துவதும் தவறு. மெதுவாக ஓடும் பிள்ளைக்குத்தான் பயிற்சி கூடுதலாகத் தேவை, அதுவே முதலில் வெளியேறும். துண்டைத் திரும்பச் செருகி அடுத்த ஓட்டத்தில் விடுங்கள். நடு ஓட்டத்தில் எதிர்பாராமல் ஓரிரு தடவை "நில்" சொல்லவும் மறக்க வேண்டாம்.

மழை பெய்து களிமண் வழுக்கும் நாளில் இந்த விளையாட்டு வேண்டாம். றப்பர்ச் செருப்பு தடக்கும். வெறுங்காலுடன் ஓட விடுவதானால் கண்ணாடித் துண்டு, கம்பித் துண்டுகளைப் பெரியவர்கள் முதலில் பொறுக்க வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கத்துக்கு அருகில் எந்தக் கோடும் போதாது, அங்கே விளையாடவே கூடாது.

துரத்தப்படுவதே சில பிள்ளைகளுக்குப் பயம். சிரிப்பும் அழுகையும் தூரத்திலிருந்து ஒன்றுபோலக் கேட்கும். முகத்தைப் பாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளையை ஓடச் சொல்லி வற்புறுத்தாமல், துண்டை உங்கள் இடுப்பில் செருகி, "என்னைப் பிடி பார்ப்போம்" என்று மெதுவாக நடந்து காட்டுங்கள். "நில்" சொல்லும் உரிமையையும் சிவப்புத் துணியையும் அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அது துணியை உயர்த்தும்போது நீங்களும் கையை முழங்காலில் வைத்து நிற்க வேண்டும்.