நர்ஸா, அக்கவுன்டன்ட்டா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்தபடியே பேங்க் தேர்வு எழுதலாம் என்று தொலைதூரக் கல்வியில் பி.காம். படித்தேன். தேர்வு கைகொடுக்கவில்லை. இரண்டு வருடமாகக் கணவரின் ஹார்டுவேர் கடைக்கு டேலியில் கணக்கு எழுதுகிறேன். இப்போது வேலை தேடிப் போனால், மருத்துவமனையில் ‘இத்தனை வருஷம் கணக்குப் பக்கம் போயிட்டீங்களே’ என்கிறார்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் ‘நர்சிங் படிச்சுட்டு இங்க எதுக்கு?’ என்கிறார்கள். பயோடேட்டாவில் ஒரு பட்டத்தை மறைத்துவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: மறைக்க வேண்டாம் சகோதரி. ஒன்றை மறைத்தால் அந்த வருடங்கள் வெற்றிடமாகத் தெரியும். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

இரண்டு இடங்களிலும் உங்களிடம் ‘ஏன் இரண்டு படித்தீர்கள்?’ என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு எவ்வளவு நன்றாகப் பதில் சொன்னாலும் அது சமாதானமாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, இரண்டு படிப்பும் ஒரே காகிதத்தின் மேல் ஒன்றாகத் தேவைப்படும் மேஜை எது என்று தேடுங்கள். உங்களுக்கு அப்படி ஒரு மேஜை இருக்கிறது: மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்.

அங்கே என்ன நடக்கிறது?

நோயாளி சேர்ந்ததும் ‘கேஷ்லெஸ்’ அனுமதி கேட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ, அதன் சார்பில் கிளெய்ம் பார்க்கும் டி.பி.ஏ. நிறுவனத்துக்கோ அனுப்ப வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று இறுதி பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் போகும். அங்கிருந்து சந்தேகங்கள் கேட்டு வரும். பதில் தர வேண்டும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனிகள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. அதனால் மருத்துவமனை அனுப்பும் காகிதம் முதல் முறையே சரியாக இருப்பது முக்கியம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மூன்று லட்ச ரூபாய் பாலிசி. அறை வாடகை வரம்பு ஒரு சதவிகிதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். கால் எலும்பு முறிந்து வந்தவர், நாளுக்கு 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருந்தார். அறை வாடகை 24,000. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் போன்றவை 80,000. மருந்து, எக்ஸ்ரே, எலும்பில் பொருத்திய பிளேட், ஸ்க்ரூ எல்லாம் 40,000. மொத்தம் 1,44,000 ரூபாய்.

வரம்பைப் போல இரண்டு மடங்கு வாடகையில் தங்கியதால், கம்பெனி வாடகையில் பாதிதான் தரும். அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறும் மருத்துவமனை என்றால், பாலிசி விதிப்படி டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணமும் அதே விகிதத்தில் பாதியாகும். ஆனால், மருந்து, உடலுக்குள் வைக்கும் பிளேட், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்பது ஆணையத்தின் விதி. ஆக, 12,000 + 40,000 + 40,000 = 92,000 ரூபாய் வர வேண்டும். மொத்த பில்லையும் அப்படியே பாதியாக்கினால் 72,000தான் வரும். (கையுறை மாதிரி, பாலிசியில் தராத சில்லறைப் பொருட்களைக் கணக்கு எளிதாக இருக்க விட்டுவிட்டேன்.)

அந்த 20,000 ரூபாய் வித்தியாசத்தை யார் கண்டுபிடிப்பது? கணக்கு மட்டும் தெரிந்தவருக்கு விகிதம் புரியும். ஆனால் ‘ஆபரேஷன் செலவு’ என்று ஒரே வரியாக வந்த தொகைக்குள் பிளேட்டும் ஸ்க்ரூவும் இருப்பது தெரியாது. வார்டு மட்டும் தெரிந்தவருக்கு பிளேட் வைத்தது தெரியும். வெட்டு எப்படிப் போடுகிறார்கள் என்பது தெரியாது. இரண்டும் தெரிந்த நீங்கள், அந்த வரியைப் பிரித்துக் காட்டச் சொல்வீர்கள். உங்கள் இரண்டு பட்டமும் சேரும் இடம் இதுதான்.

பயோடேட்டாவில் எப்படி எழுதுவது?

முதல் வரியில் பட்டங்களின் பெயர் வேண்டாம், செய்யப்போகும் வேலை வரட்டும். ‘எலும்பு முறிவு வார்டில் மூன்று வருட நர்சிங் அனுபவமும், பி.காம். பட்டமும், இரண்டு வருட டேலி அனுபவமும் கொண்டு, இன்ஷூரன்ஸ் கிளெய்ம்களை டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பணியை நாடுகிறேன்’ என்ற பொருளில் ஒரே வாக்கியம் போதும். ‘பல துறைகளில் ஆர்வம்’, ‘பன்முகத் திறமை’ போன்ற வார்த்தைகளை அடித்துவிடுங்கள். படிப்பவருக்கு அவை ‘எதிலும் நிலைக்காதவர்’ என்றுதான் கேட்கும்.

எழுதியதும் ஒரு சோதனை. வாக்கியத்தில் ‘நர்சிங்’கை விரலால் மறைத்துப் படியுங்கள். பிறகு, ‘பி.காம்.’, ‘டேலி’ இரண்டையும் மறைத்துப் படியுங்கள். எதை மறைத்தாலும் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று தோன்றினால் சரி. ஒன்றை மறைத்தும் வேலை நடக்கும் என்றால், அந்த இடத்துக்கு அந்தப் பட்டம் வெறும் அலங்காரம். உதாரணமாக, வார்டு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்தால் பி.காம். கல்வி பட்டியலில் ஒரு வரியாக இருந்தால் போதும். மேலே கொண்டுவர வேண்டாம்.

அனுபவப் பகுதியிலும் இந்த வேலையைத் தொடும் விஷயங்களை முன்னால் வையுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் பயன்படுத்தாத மருந்துகளை ஃபார்மசிக்குத் திருப்பிக் கணக்கு முடித்திருப்பீர்கள், கேஸ் ஷீட் எழுதியிருப்பீர்கள். கடையில் ஜி.எஸ்.டி. பில்களைச் சரிபார்த்திருப்பீர்கள். நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணையும், அது நடப்பில் இருக்கிறதா என்பதையும் குறிப்பிடுங்கள். காலாவதியாகியிருந்தால் முதலில் புதுப்பித்துவிடுங்கள்.

‘ஏன் பி.காம்.?’ என்று கேட்டால்?

கேட்பார்கள். அப்போது, ‘ஆரம்பத்திலேயே திட்டமிட்டுத்தான் இரண்டும் படித்தேன்’ என்று கதை சொல்லாதீர்கள். அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்: ‘பேங்க் தேர்வுக்காகப் படிச்சேன் சார், அது கிடைக்கலை. ஆனா, வார்டுல இருந்தப்ப பில்லை ஏன் குறைச்சாங்கன்னு நோயாளி வீட்டுக்காரங்க கேட்டா எனக்குப் பதில் தெரியாது. இப்ப தெரியும்.’ படித்த காரணம் ஒன்று, இன்று அது பயன்படும் இடம் வேறு. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கூடவே கையில் ஒரு தாள் இருக்கட்டும். உங்கள் குடும்பத்தில் யாராவது இன்ஷூரன்ஸில் சிகிச்சை எடுத்திருந்தால், அவர் சம்மதத்துடன் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, செட்டில்மென்ட் கடிதம் மூன்றையும் வாங்குங்கள். எது வந்தது, எது வெட்டப்பட்டது, எந்த விதிப்படி என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பெயர், பாலிசி எண் எதுவும் அதில் வேண்டாம். முன்பு வேலை பார்த்த இடத்தின் நோயாளி விவரங்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். பி.காம். படித்தும் அக்கவுன்ட்ஸ் அலுவலக அனுபவம் இல்லையே என்ற குறையை இந்தத் தாள் ஓரளவு ஈடுகட்டும்.

எதிர்பார்ப்பிலும் கொஞ்சம் நிதானம் தேவை. கிளெய்மை ஏற்பதா, மறுப்பதா என்ற மருத்துவ முடிவை எடுக்கும் பதவிகளுக்குப் பெரும்பாலும் டாக்டர்களைத்தான் கேட்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை மருத்துவமனை இன்ஷூரன்ஸ் டெஸ்க், பில்லிங் சரிபார்ப்பு, டி.பி.ஏ. நிறுவனங்களின் ஆரம்ப நிலை வேலைகள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இதே மாதிரி காகித வேலை உண்டு. திருச்சியிலேயே விசாரியுங்கள். விண்ணப்பத்தை வெறுமனே ‘ஹெச்.ஆர்.’ என்று அனுப்பாமல், இன்ஷூரன்ஸ் பிரிவுப் பொறுப்பாளர் பெயரைக் கேட்டு, அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். தினமும் அந்த பில்களோடு போராடுகிறவர் அவர்தான். உங்கள் பயோடேட்டாவின் முதல் வரி அவருக்கு உடனே புரியும்.