பூனை தூய்மையானதுதான், குழந்தையின் மூச்சும் அமானிதம்தான்

 

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம் வீடுகளில் ஒரு வாதம் அடிக்கடி கேட்கிறது. "பூனை நபியவர்களுக்குப் பிரியமான பிராணி; அதனால் நோய் வராது." குழந்தை இரவெல்லாம் தும்மினாலும், மூக்கடைத்து வாயால் மூச்சுவிட்டாலும் இந்த ஒரு வாக்கியத்தால் பேச்சு முடிந்துவிடுகிறது. இது மார்க்கத்தின் பெயரால் செய்யப்படும் தவறு.

அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வரும் உயிர்களில் ஒன்று என்ற நபிமொழியையும் எடுத்துரைத்தார்கள். இது தூய்மை பற்றிய சட்டம். பூனை வாய்வைத்த நீரில் உளூச் செய்யலாம் என்பதே அதன் பொருள். எவருடைய மூக்கும் நுரையீரலும் பூனையைத் தாங்கும் என்று அது சொல்லவில்லை. பாலும் தூய்மையானதே, ஆயினும் பால் ஒவ்வாத குழந்தைக்கு நாம் அதைப் புகட்டுவதில்லை.

ஒவ்வாமைக்குக் காரணம் பூனையின் முடி என்று எண்ணுவது பிழை. அதன் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உண்டாகும் ஃபெல் டி 1 என்னும் புரதமே முதன்மைக் காரணம். பூனை தன்னை நக்கும்போது அது முடியில் படிகிறது. உலர்ந்து நுண்துகளாகிக் காற்றில் நெடுநேரம் மிதக்கிறது. துணியிலும் மெத்தையிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே முடியை வெட்டுவதாலோ, "ஒவ்வாமை தராத இனம்" என்று விலை கொடுத்து வாங்குவதாலோ சிக்கல் தீராது.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தந்தை தோல் தொழிற்சாலையில் பஃபிங் பிரிவில் வேலை செய்கிறார். ஒன்பது வயது மகளுக்குத் தீராத தும்மல். பூனையை இரண்டு வாரம் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள், தும்மல் நிற்கவில்லை. "பார்த்தீர்களா, பூனை காரணமில்லை" என்று அதைத் திரும்ப அழைத்து வருகிறார்கள். இந்தச் சோதனை எதையும் மெய்ப்பிக்காது. பூனை போனபின்னும் அந்தப் புரதம் வீட்டில் குறைய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். மறுபுறம், மெத்தையில் வாழும் தூசிச் சிற்றுண்ணியும் கரப்பானும் காரணமாக இருக்கலாம். தந்தையின் சட்டையில் வரும் தோல் தூசியும் மூக்கை உறுத்தலாம். ஐயத்தைத் தீர்ப்பது மருத்துவர் செய்யும் தோல் குத்துச் சோதனை. அதற்குச் சில நாட்கள் முன்பே தும்மல் மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லையேல் முடிவு பொய்க்கும்.

பூனைதான் காரணம் என்று உறுதியானால் எது பயன் தரும்? வாரம் ஒருமுறை பூனையைக் குளிப்பாட்டுவது வீண். குறைந்த புரதம் சில நாட்களில் பழைய அளவுக்கு ஏறிவிடும். காற்றுச் சுத்திகரிப்பான் காற்றில் மிதப்பதைக் குறைக்கும். ஆனால் அதனால் மட்டும் நோய் தணியும் என்று நம்ப முடியாது. மூக்கு அறிகுறிகளைப் பெரிதும் தணிப்பது மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான். தும்மும்போது மட்டும் அடித்துவிட்டு "பலனில்லை" என்பவர்களே நம்மில் மிகுதி. அதை நாள்தோறும் பயன்படுத்த வேண்டும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். தலையைச் சற்றுக் குனிந்து, முனையை நடுச்சுவரை நோக்கி வைக்காமல் வெளிப்புறமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். ரமளானில் நோன்பு திறந்தபின் பயன்படுத்தலாம்.

அடுத்தது, குழந்தை உறங்கும் அறைக்குள் பூனை ஒருபோதும் நுழையாதிருப்பது. நாம் மறந்துவிடும் பொருள் ஒன்றும் உண்டு: முஸல்லா. பூனை விரும்பிச் சுருண்டு படுக்கும் இடம் அது. ஸஜ்தாவில் நம் மூக்கு படும் இடமும் அதுவே. வாரந்தோறும் துவைத்து, தொழுதபின் மூடிய அலமாரியில் வையுங்கள்.

இவற்றுக்கும் எல்லை உண்டு. நெஞ்சில் இழுப்பு, இரவில் இருமல், அடிக்கடி இன்ஹேலர் தேவைப்படுதல் ஆகியவை தோன்றினால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். மருந்து கொடுத்தும் அடங்காவிட்டால் பூனை வேறு வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். போனபின் மெத்தையுறை, திரைச்சீலை, ஜமக்காளம் அனைத்தையும் துவைத்தால் தேறுதல் விரைவில் வரும்.

ஆனால் சாக்கில் கட்டிச் சந்தையிலோ பாலாற்றங்கரையிலோ விட்டுவருவோரிடமும் ஒரு சொல். பூனையைக் கட்டிவைத்து உணவளிக்காமல் கொன்ற பெண்ணைப் பற்றிய எச்சரிக்கை நமக்கும் உரியதே. உணவளிக்கும் மனிதரைத் தேடி, அவர் கையில் ஒப்படையுங்கள். பிறருக்குத் தீங்கிழைக்காதே என்ற நெறி குழந்தைக்கும் உண்டு, பூனைக்கும் உண்டு.