ஆச்சியும் என் புது பாத்ரூமும்

போன வருஷம் வானவடி ஃப்ளாட்டில் பாத்ரூமை இடித்துப் புதிதாகக் கட்டினேன். பளபளவென்று வெள்ளை டைல்ஸ், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கமோட். செலவு எவ்வளவு என்று கேட்காதீர்கள், வீட்டம்மா பக்கத்தில்தான் இருக்கிறார்!

அம்பாசமுத்திரத்திலிருந்து ஆச்சி வந்தார். வயது 86. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னல இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஆச்சிக்குத் தலைசுற்றல். டாக்டர் "தண்ணீரே குடிப்பதில்லை போலிருக்கு" என்றார். உண்மைதான். ராத்திரி பாத்ரூம் போக பயந்து, மத்தியானத்துக்கு மேல் செம்பைத் தொடுவதே இல்லையாம்.

அப்புறம்தான் உட்கார்ந்து கேட்டேன்.

"ஆத்துப் படித்துறைல கல்லு காலப் பிடிக்கும்ல. இது தள்ளுது" என்றார். நம்பாமல் தரையில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு நடந்தேன். இரண்டாவது அடியில் சறுக்கி, துண்டு போடும் கம்பியைப் பிடித்தேன். கம்பி, திருகாணியோடு கையில் வந்துவிட்டது. அது துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது.

"சரி, நான் உள்ள விழுந்தா கதவ எப்படித் திறப்ப?" என்று அடுத்துக் கேட்டார். கதவு உள்பக்கம் திறப்பது. விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட தடையற்ற கட்டட வழிகாட்டுதல்கள், மாற்றுத்திறனாளிகள் கழிப்பறைக்குக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், இல்லையென்றால் நகர்த்தும் கதவாக இருக்க வேண்டும் என்றன. ஆச்சி அதைப் படித்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆச்சி சொன்னது தப்பு. அந்தரத்தில் நிற்கும் கமோட் ஒடிந்துவிடும் என்று பயந்தார். சுவருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தில் முறையாகப் பொருத்தியிருந்தால் அது எடையைத் தாங்கும்.

தரையை மட்டும் பெயர்த்து, சொரசொரப்பான டைல்ஸ் போட்டேன். கதவைத் திருப்பி மாட்டி, வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் வைத்தேன். கமோட் பக்கத்தில் கைப்பிடி. டைல்ஸோடு நிற்காமல், செங்கல் வரை துளை போட்டு போல்ட் முடுக்கச் சொன்னேன். பொருத்தியதும் என் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். ராத்திரிக்குச் சின்ன விளக்கு.

பேங்கில் வீட்டுக் கடன் எஸ்டிமேட் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கமோட் கம்பெனி, டைல்ஸ் சைஸ் எல்லாம் விவரமாக இருக்கும். கைப்பிடி என்று ஒரு வரி பார்த்த ஞாபகம் இல்லை. நானும் கேட்டதில்லை. ஊரில் பெற்றவர்களுக்கு பாத்ரூம் கட்டப் பணம் அனுப்புகிறவர்கள் அந்த வரியை முதலில் எழுதுங்கள். டைல்ஸ் சாம்பிளை நனைத்து, அவர்களையே மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் "பழைய காலத்து மனுஷங்க" என்று சிரிக்காதீர்கள்.

ஆச்சி இப்போது ராத்திரியும் தண்ணீர் குடிக்கிறார். பாத்ரூமை இன்னும் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்.