இழுத்தவள் மேலும் பிழையில்லை, கண்ணூறும் இல்லை



இரண்டாம் வகுப்பில் ஒரு சின்னச் சண்டை. ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தலையைப் பிடித்து இழுத்தாள். கைநிறைய முடி வந்துவிட்டது. இழுபட்டவள் அழவேயில்லை. அதைக் கவனிக்க வேண்டிய நாங்கள், இழுத்தவளைத்தான் ஏசினோம். பிழை எங்களுடையது.

அடுத்த நாள் உம்மா வந்து சொன்னார்: "சீவினாலே கையோட வருது டீச்சர். மொட்டை அடிச்சதத் தவிர கத்தரியே வெச்சதில்ல, ஆனாலும் தோளுக்கு வருதில்ல." மூத்தம்மா கண்ணூறு என்றாவாம். மூன்று தரம் மொட்டையும் அடித்தாயிற்று.

அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் சில முடிகளை வேரோடு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். லூஸ் அனாஜன் சின்ட்ரோம் என்றார்கள். 1980களில்தான் வைத்தியர்கள் இதை விளக்கமாக எழுதினார்கள். முதலில் வெள்ளைக்காரப் பிள்ளைகளிடமே அதிகம் காணப்பட்டது. பிறகு இந்தியாவிலும் எகிப்திலும் கறுத்த முடியுள்ள பிள்ளைகளிடமும் கண்டார்கள்.

நம் முடி வளரும் காலத்தில் அதன் வேரை ஓர் உறை இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால்தான் இழுத்தால் நோகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பிடி பலமில்லை. கடற்கரை மணலில் குத்திய கம்பு போல, வளரும் முடியே நோவில்லாமல் கழன்று வரும். நீளமுன்பே கழல்வதால் முடி நீளமாவதில்லை. சாதாரணமாக உதிரும் முடியின் நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கும். இதில் வேர் வளைந்து, அதன் மேலே முடியின் தோல் நழுவிய காலுறை போலச் சுருங்கிக் கிடக்கும். சுகமான பிள்ளையிடமும் இப்படி ஒன்றிரண்டு முடி இருக்கலாம். எடுத்த முடிகளில் பெரும்பகுதி, சுமார் 70 வீதம் இப்படி இருந்தால்தான் இந்த நோய் என்பார்கள்.

மொட்டை அடிப்பதால் என்ன பயன்? கத்தி தோலுக்கு மேலேதான் வெட்டுகிறது, குறை இருப்பதோ தோலுக்குக் கீழே. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். எண்ணெயாலும் அந்தப் பிடி இறுகாது. அழுத்தித் தேய்த்தால் இன்னும் கழலும்.

பெரும்பாலும் வயது ஏற ஏற முடி அடர்ந்து நீளும். அதுவரை மெதுவாகச் சீவினால் போதும். ஆகவே பாடசாலையில் இந்தப் பிள்ளைகளுக்கு இறுக்கிப் பின்ன வேண்டும் என்று நாம் வற்புறுத்தக் கூடாது. ஸ்காஃபைக் குத்தும்போதும் முடியை இழுக்காமல் பார்க்க வேண்டும்.

ஆனால் வட்டமாக வழுக்கை விழுந்தால், செதில் பறந்தால், முடி பாதியில் முறிந்தால் அது வேறு நோய். பிள்ளை வயதுக்கேற்ற உயரமில்லை, இருதயத்திலும் குறை என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அரிதாக இவை சேர்ந்தே வரும்.

அட்டாளைச்சேனையில் இன்னும் எத்தனை வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதோ? முடி கையோடு வந்தால் முதலில் ஒன்று கேளுங்கள்: "மகள், நொந்ததா?" இல்லை என்றால் யாரையும் ஏசாமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். நாங்கள் ஏசிய அந்தப் பிள்ளையிடம் வகுப்பின் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டோம்.