குறிப்புக் கலத்தை விட்டுவிடாதீர்கள்

(செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றின் பழைய கையெழுத்துப் பதிவேடுகளை மின்னாக்கம் செய்யத் தொடங்கும் மாணவர்களிடம் பேசிய வரவேற்புரையின் எழுத்து வடிவம்)



நாளை காலை உங்கள் முன்னால் வைக்கப்படும் முதல் கட்டு, நம் ஊரின் நிலப் பதிவேடுகள். நிலவரித் திட்டக் காலத்தில் எழுதியவை, பிறகு திருத்தியவை, கணக்குப்பிள்ளைகள் ஆண்டுதோறும் எழுதிய அடங்கல்கள். இவற்றை ஏன் முதலில் எடுத்தோம் என்பதையும், எந்த இடத்தில் கை தவறினால் ஒரு குடும்பத்தின் நிலம் இரண்டாம் முறை பறிபோகும் என்பதையும் மட்டும் இன்று சொல்கிறேன்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததுதான் அவர்களை அடிமைப்படுத்தி வைத்திருக்கிறது என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து சென்னை அரசாங்கம் 1892 செப்டம்பர் 30 அன்று ஆணை ஒன்றைப் போட்டது. அதன்படி ஒப்படைக்கப்பட்ட நிலங்களைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக்கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். இதுதான் நிபந்தனை.

இந்த நிபந்தனை பதிவேட்டில் எங்கே எழுதப்பட்டது? அ-பதிவேட்டைத் திறந்து பாருங்கள். புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம், மண்ணின் தரம், தீர்வை, பரப்பு, பட்டாதாரர் பெயர் என்று கலங்கள் வரிசையாகப் போகும். எல்லாம் முடிந்த பிறகு வலது ஓரத்தில் ஒடுங்கிய ஒரு கலம் இருக்கும். அதன் பெயர் குறிப்பு. அந்த ஓரத்தில்தான் ‘டி.சி. நிலம்’ என்று இரண்டு எழுத்து இருக்கும். ஆங்கிலத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்பதன் சுருக்கம் அது. அந்த இரண்டு எழுத்து இருந்தால் நிலம் இன்னாருக்கு உரியது. அது இல்லாமல் போனால் சந்தையில் விற்கும் வெறும் மனை.

அது எப்படி இல்லாமல் போகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். எண்களும் பெயரும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. வழிமுறை மட்டும் உண்மை.

பழைய பதிவேட்டில் புல எண் 148/2. பரப்பு 2 ஏக்கர் 35 சென்ட். பட்டாதாரர் முனியன். குறிப்பில் டி.சி. நிலம். 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரில் யு.டி.ஆர். என்று சொல்லும் திட்டத்தில், பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. ஏக்கர் கணக்கு ஹெக்டேர் கணக்காயிற்று. முனியனின் 2 ஏக்கர் 35 சென்ட் இப்போது 0.95.0 ஹெக்டேர். அது 148/2ஏ, 148/2பி என்று இரண்டாக உடைந்திருக்கிறது. ஒன்று 0.55.0, மற்றது 0.40.0. இரண்டு பெயர்கள், இரண்டும் முனியன் வீட்டுப் பெயர்கள் அல்ல. குறிப்புக் கலம் காலி. பின்னாளில் கணினியில் ஏற்றியபோது கையில் இருந்தது இந்தப் புதிய ஏடுதான். ஏட்டில் காலியாக இருந்தது கணினியிலும் காலியாகவே இருக்கிறது. இன்று இணையத்தில் தேடும் முனியனின் பேரனுக்கு, தன் தாத்தாவுக்கு நிலமே இருந்ததில்லை என்றுதான் தெரியும்.

ஆனால் கூட்டிப் பாருங்கள். 0.55-ம் 0.40-ம் சேர்ந்தால் 0.95. ஒரு ஏக்கர் என்பது 0.4047 ஹெக்டேர். 0.95-ஐ அதனால் வகுத்தால் 2.35 ஏக்கர். பரப்பு ஒரு சென்ட்கூடக் குறையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. பெயர் மாறியிருக்கிறது, நிபந்தனை மட்டும் வந்து சேரவில்லை. அறுபட்ட இடம் இந்த இரண்டு ஏடுகளுக்கு நடுவில் என்று இப்போது விரல் வைத்துக் காட்டலாம். உங்கள் வேலையின் பயன் இதுதான். ஆகவே பழைய ஏடு, புதிய ஏடு, இரண்டையும் இணைக்கும் புல எண் ஒப்பீட்டுப் பட்டியல் மூன்றும் படமாக வேண்டும். ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் ஊமை.

இனி படம் எடுப்பது பற்றி. தைத்த ஏட்டை நகல் எடுக்கும் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்தாதீர்கள். முதுகு ஒடியும், தையலை ஒட்டிய எழுத்தும் நிழலில் மறையும். மேலிருந்து பார்க்கும் கேமராவை நிறுத்தி, ஏட்டை மெத்தென்ற தாங்கிகளில் பாதி திறந்த நிலையில் வைத்து எடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையக்கூடாது. மை மங்கிய பக்கத்துக்கு 400 வையுங்கள். பக்கத்தின் நான்கு ஓரமும் படத்துக்குள் இருக்க வேண்டும். அழகுக்காக ஓரத்தை வெட்டினால் முதலில் போவது குறிப்புக் கலம்தான்.

எல்லாம் வண்ணத்தில் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கோப்பு சிறிதாகும் என்று யாராவது சொல்வார்கள். திருத்தங்கள் பெரும்பாலும் சிவப்பு மையில் இருக்கும். சாம்பல் நிறப் படத்தில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் ஒன்றாகத் தெரியும், எது முதலில் எழுதியது, எது பிறகு அடித்தது என்று பிரிக்க முடியாது. வெறும் கறுப்பு வெள்ளையிலோ வெளுத்த சிவப்பு காணாமலே போய்விடும். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பமில்லாத அடித்தல் கேள்விக்குரிய அடித்தல். காகிதம் சுரண்டப்பட்டதாகச் சந்தேகம் வந்தால், விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து இன்னொரு படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாக விழும்.

வெற்றுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், நடுவில் ஒரு தாள் கிழிக்கப்பட்டதா, நீங்கள் எடுக்காமல் விட்டதா என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது. தாள் எண் தாவியிருந்தால், தாவிய இடத்தை நாள்குறிப்பில் எழுதுங்கள். அன்றைய வேலை முடிந்ததும் அந்தக் கட்டின் எல்லாப் படங்களுக்கும் கைரேகை எடுத்து வையுங்கள்:

```
sha256sum *.tif > kattu01.sha256
```

பிறகு எந்தப் படத்தில் எவர் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்தக் கைரேகை பொருந்தாது. அந்தப் பட்டியலின் ஒரு பிரதி படங்கள் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கட்டும். ஏட்டைச் சுரண்டியவர்கள் வாழ்ந்த ஊர் இது, கோப்பையும் திருத்துவார்கள்.

அடுத்தது எழுத்துப்பெயர்ப்பு. ஒரு பக்கத்தை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்வீர்கள். வேறுபடும் இடத்தில் மூன்றாமவர் படத்தைப் பார்த்து முடிவு சொல்வார். பழைய கையெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள், ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். தமிழ் எண் ௧ என்பது ககரத்தின் வடிவம்தான். ௱௪௰௮ என்று இருந்தால் அது 148. படிக்க முடியாத இடத்தில் ஊகித்து நிரப்பாதீர்கள், ‘படிக்க இயலவில்லை’ என்று எழுதுங்கள். ஊகம் ஒருமுறை தட்டச்சாகிவிட்டால் பதிவேடு சொன்னதாகவே ஆகிவிடும்.

இங்கேதான் உங்களோடு ஒரு விவாதம் வரும். ஒருவர் பெயருக்குப் பின்னால் அய்யர், முதலியார் என்று மரியாதையாக எழுதியிருக்கும். இன்னொருவருக்கு இழிவான சொல்லை முன்னால் ஒட்டி, ‘இன்னார் மகன்’ என்பதைக்கூட எழுதாமல் விட்டிருக்கும். உங்களுக்குக் கோபம் வரும். வரவேண்டும். உங்களில் சிலர், இந்தச் சாதிப் பெயர்களை நாம் ஏன் மறுபடி தட்டச்சு செய்யவேண்டும், நீக்கிவிட்டு வெறும் பெயரை வைப்போம் என்பீர்கள். தெருப்பெயரில் சாதியை நீக்கச் சொல்பவர்கள் நாம்தானே என்றும் கேட்பீர்கள்.

தெருப்பலகை இன்று வாழ்கிறவர்கள் தினம் பார்ப்பது. அது ஒரு கட்டளை. பதிவேடு நடந்ததற்குச் சாட்சி. பலகையில் சாதியை நீக்கினால் ஆதிக்கம் ஒரு அடையாளத்தை இழக்கிறது. பதிவேட்டில் நீக்கினால் ஆதிக்கத்துக்கு எதிரான சாட்சி அழிகிறது. இந்த நிலம் யாருக்கு ஒப்படைக்கப்பட்டது என்பதே சாதியின் பெயரால்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லை நாம் நல்லெண்ணத்தோடு துடைத்தால், யு.டி.ஆர். பாதியில் விட்ட வேலையை நாம் முடித்துவைத்தவர்களாவோம். ஆகவே உள்ளது உள்ளபடி எழுதுங்கள். பொதுவில் வைக்கும் தேடுபட்டியலில் மட்டும் அந்த இழிசொல் தலைப்பாக வராது, ஆளின் பெயர் வரும். இன்று வாழும் குடும்பங்களின் சாதி விவரம் ஊரார் வம்புக்குக் கிடைக்கும்படி வெளியிடப்படாது. அவர்கள் வந்து கேட்டால் முழுப் பக்கமும் கிடைக்கும்.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் எடுக்கும் படம் தன்னளவில் பட்டாவைத் திருத்திவிடாது. அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் சான்றிட்ட நகல் வேண்டும். ஆனால் ‘பழைய ஆவணம் கொடுங்கள்’ என்று மொட்டையாகக் கேட்கும் மனுவுக்கு ‘கிடைக்கவில்லை’ என்று ஒரு வரியில் பதில் வரும். இன்ன ஏடு, இன்ன தாள், இன்ன புல எண் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் அப்படிச் சொல்வது கடினம். இன்னோர் எல்லையும் உண்டு. 1980இல் கணக்குப்பிள்ளை முறை ஒழிக்கப்படும்வரை இந்த ஏடுகளை எழுதியவர்கள் பெரும்பாலும் சேரிக்கு வெளியே வாழ்ந்தவர்கள். உழுதவன் பெயரை அடங்கலில் எழுதாமல் விட அவர்களால் முடிந்தது. ஏட்டில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இந்த மாவட்டத்தில் பஞ்சமி நிலம் கேட்டதற்கு விலை கொடுத்திருக்கிறோம். காரணையில் நிலம் மீட்கும் போராட்டத்தைத் தொடர்ந்து, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் உயிர் விட்டார்கள். அவர்கள் கேட்டது பதிவேட்டில் ஏற்கெனவே எழுதியிருந்ததைத்தான்.

முதல் கட்டில் நாற்பது தாள் வரை நாளை முடித்தால் போதும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள், எச்சில் தொட்டுத் தாள் புரட்டாதீர்கள், கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டாதீர்கள். ஒவ்வொரு படத்தையும் சேமிக்கும் முன் பெரிதாக்கி வலது ஓரத்தைப் படியுங்கள். அந்த ஓரம் தெளிவாக இல்லாவிட்டால் மறுபடி எடுங்கள்.

வாருங்கள் தோழர்களே, தொடங்குவோம்.