தன் குரலே திரும்பி வருவதேன்?

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி ஒருவர் அடுத்த வீதியிலுள்ள நெசவாளருடன் டெலிபோனில் பேசும்போதும் எதிரொலி உண்டு என்றால், நேயர்கள் நம்பமாட்டார்கள். ஆயினும் உண்மை அதுதான்.

வீட்டு டெலிபோனுக்கு வருபவை இரண்டே கம்பிகள். தூரதேசத்துக்கான மார்க்கத்திலோ போகும் குரலுக்கும் வரும் குரலுக்கும் தனித்தனிப் பாதை. இவ்விரண்டும் கூடுமிடத்திலுள்ள 'ஹைப்ரிட்' என்னும் சுருள், வீட்டுக் கம்பியுடன் முற்றும் பொருந்துவதில்லை. ஆகவே, வந்த குரலில் சிறிது திரும்பும் பாதையில் கசிந்துவிடுகிறது. நம் குரல் நமக்கே கேட்டால் பழுது நம்மிடமில்லை, எதிராளியின் பக்கத்தில்தான்!

உள்ளூரில் அது உடனே திரும்பி நம் பேச்சோடு கலந்துவிடும். 1971-இல் புனாவுக்கருகே ஆர்வியில் நிலையம் ஏற்பட்டு, செயற்கைக் கோள் வழியாகப் பேசத் தொடங்கியபோது நிலைமை வேறு. கோள் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். குரல் ஏறி இறங்கி, அதன் எதிரொலியும் ஏறி இறங்கினால் 1,44,000 கிலோமீட்டர். விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும் ரேடியோ அலைக்கும் இதற்கு அரை விநாடி பிடிக்கிறது. அத்தனை தாமதித்து வரும் சொந்தக் குரல் நாவையே குழறச் செய்யும்.

முதலில் செய்த உபாயம், ஒருவர் பேசுகையில் மற்றவரின் பாதையை அடைப்பது. குறுக்கே பேசினால் சொற்களின் தலை கொய்யப்பட்டது! பிரோஸ்பூரில் பிறந்து பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் பயின்ற மன்மோகன் ஸோந்தி, 1960-களில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் சகாக்களுடன் வேறு வழி கண்டார். அவர்களுடைய கருவி எதையும் அடைப்பதில்லை. வந்த குரலைக் கொண்டு எதிரொலியின் போலியைத் தயாரித்து, திரும்பும் ஒலியிலிருந்து கழித்துவிடுகிறது. மிச்சம் இருந்தால் அதைக் கொண்டே போலியைத் திருத்திக்கொள்கிறது. அதனால் பேச்சு துவங்கிய சிறிது நேரம் மட்டும் எதிரொலி கேட்கலாம்.

இருவரும் ஒருங்கே பேசினால்தான் சங்கடம். எதிராளியின் குரலையும் மிச்சமென்று எண்ணிக் கருவி தவறாகத் திருத்திக்கொள்ளும். ஆதலால் அவ்வேளையில் திருத்தத்தை மட்டும் நிறுத்திவைக்கிறார்கள். கழித்தல் நடந்துகொண்டே இருக்கும்.