‘நோ ரிட்டர்ன்’ என்று எழுதிவிட்டால் போதுமா?



தீபாவளி நெருங்கினால் நமக்கு வரும் கடிதங்களிலும் ஜவுளி வாடை அடிக்கும். இந்த முறை திருச்சி வாசகி ஒருவரின் கடிதம். இன்ஸ்டாகிராம் கடை ஒன்றில் 1,250 ரூபாய்க்கு காட்டன் சுடிதார் செட் வாங்கியிருக்கிறார். வழக்கமாகப் போடும் ‘எல்’ சைஸ்தான், ஆனால் டாப் மார்பில் பிடிக்கிறது. போதாக்குறைக்கு துப்பட்டாவில் நூல் இழுத்து ஒரு ஓட்டை. கேட்டால், “பக்கத்துல மேலேயே பின் பண்ணிருக்கோமே சிஸ், படிக்கலையா? நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்!” என்று பதில் வந்திருக்கிறது. “அப்படி எழுதிவிட்டால் முடிந்ததா?” என்கிறார் வாசகி.

இதில் இருப்பவை இரண்டு வேறு புகார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால்தான் கடைக்காரருக்குத் தட்டிக்கழிக்க வசதியாகப் போயிற்று.

முதலில் சைஸ். அளவுப் பட்டியலைக் கடை சரியாகக் கொடுத்திருந்தால், பொருந்தவில்லை என்பதற்காக மாற்றித் தருவது அவர்கள் விருப்பம். தருவதாக இருந்தாலும், அனுப்பும் செலவும் திரும்ப வரும் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒரு கடையில் ‘எல் - 40’ என்பது துணியின் சுற்றளவு. இன்னொரு கடையில் அது உடம்பின் அளவு. மார்பளவு 38 உள்ளவருக்குத் துணி 40 இருந்தால்தான் கை தூக்க, மூச்சுவிட இடம் இருக்கும். ஆகவே உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய டாப் ஒன்றைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப் வையுங்கள். 20 இஞ்ச் வந்தால் துணியின் சுற்றளவு 40. “உங்கள் எல் சைஸ் டாப்பை விரித்து அளந்தால் எத்தனை?” என்று கடையில் கேளுங்கள். காட்டன் என்றால் முதல் சலவையில் சுருங்கும், அதற்கும் ஓர் இஞ்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே, உள்ளே தையல் விட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பக்கத் தையல் இரண்டிலும், முன்துணியிலும் பின்துணியிலும் அரை இஞ்ச் விட்டால் மொத்தத்தில் இரண்டு இஞ்ச் கிடைத்துவிடும். திருச்சி வாசகியின் டாப்புக்கு இதுவே போதும். கூரியர் செலவைவிடத் தையற்காரர் கேட்பது குறைவாகத்தான் இருக்கும்.

துப்பட்டா ஓட்டை விஷயம் வேறு. அது குறையுள்ள பொருள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கால வரம்பு சொல்லியிருந்தால் அதற்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். “நோ ரிட்டர்ன்” என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் இது மாறாது. பணத்துக்குப் பதில் “அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறோம்” என்பதையும் நீங்கள் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்றில்லை.

“பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லையென்றால் புகார் ஏற்கமாட்டோம்” என்பது பல கடைகளின் நிபந்தனை. சட்டத்தில் வீடியோவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனாலும் கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது: கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு, மஞ்சள் கறையோடு புடவையைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டே! அதனால் எடுத்துவிடுவதே நல்லது. கவரின் ஆறு பக்கமும், முகவரிச் சீட்டும், பிரிப்பதும், துணியை முழுதாக விரிப்பதும் இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். புடவை என்றால் முந்தி, உடல், ரவிக்கைத் துணி மூன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இழை விட்ட இடம் அப்போதுதான் தெரியும். ஃபால்ஸ் தைப்பது, துவைப்பது, டேக் அறுப்பது எல்லாம் அதற்குப் பிறகு.

டெலிவரி பற்றி ஒன்று. “மூன்று நாளில் டிஸ்பாட்ச்” என்றால் மூன்றாம் நாள் பார்சல் கடையை விட்டுக் கிளம்பும் என்றுதான் பொருள், உங்கள் வீட்டுக்கு வந்துவிடும் என்றல்ல. அனுப்பிவிட்டதாகச் சொன்னால் டிராக்கிங் எண் கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட் என்றால் முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று இருக்கும். எண் வந்த பிறகும் அதில் எந்த அசைவும் இல்லையென்றால் பார்சல் இன்னும் கடையிலேயே இருக்கலாம். பண்டிகைக்கென்று வாங்குகிறீர்களானால் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொன்ன தேதி தவறினால் பேச அது ஒன்றுதான் பிடி.

திருச்சி வாசகிக்கு: சைஸ் பேச்சை விட்டுவிட்டு, துப்பட்டா ஓட்டையின் படம், பணம் கட்டிய ரசீது இரண்டையும் வைத்து எழுத்தில் மீண்டும் ஒருமுறை கேளுங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்